மழை நின்ற பின் வரும் வெள்ளம்



பெங்களூரின் கிழக்குப் பகுதியில் உள்ள வைட்ஃபீல்டில் இன்று தமிழர் பல்லாயிரவர் வாழ்கின்றனர். கணிப்பொறி நிறுவனங்களில் பணிபுரிவோரும், கட்டட வேலைக்கு வந்தோரும், வாடகை வண்டி ஓட்டுவோரும், வீட்டு வேலை செய்வோரும் அவர்களுள் உளர். வெள்ளத்தைப் பற்றி அரசாங்கம் வெளியிடும் ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. தெருவில் ஒட்டப்படும் அறிவிப்புக் கன்னடத்தில் இருக்கிறது. நம்மவர்களுக்கு அது பெரும்பாலும் அடுத்த வீட்டார் வாய்மொழியாகவே வந்து சேருகிறது. இவ்வாறு ஒரு செய்தி கைமாறும்போது அதன் பொருள் முழுவதும் மாறிவிடுவதில்லை. ஒரேயொரு சொல், பெரும்பாலும் 'இன்ன நிலையில் மட்டும்' என்னும் நிபந்தனைச் சொல், வழியில் உதிர்ந்துபோகிறது. வெள்ள நேரத்தில் உயிரைக் காப்பதும் போக்குவதும் அந்தச் சொல்தான். ஆகவே, அறிக்கை கூறுவது என்ன, எச்சரிக்கைகளின் சரியான பொருள் என்ன, செய்ய வேண்டியவை எவை என்பவற்றை நிபந்தனைகளோடு சேர்த்தே இன்று சொல்ல விரும்புகிறேன். வேறு மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

முதலில் நடந்ததை நினைவுகூர்வோம். 2022 செப்டம்பர் 4ஆம் நாள் இரவு பெங்களூரில் பெருமழை பெய்தது. மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நகர வானிலை நிலையம் பதிவு செய்த அளவு 131.6 மில்லிமீட்டர். இந்த எண் எவ்வளவு நீரைக் குறிக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். பெங்களூரில் வழக்கமாக விற்கப்படும் 30க்கு 40 அடி மனை ஏறத்தாழ 111 சதுர மீட்டர். அந்த ஒரு மனையின்மீது மட்டும் அன்று விழுந்த நீர் 14,600 லிட்டருக்குக் குறையாது. முன்பு அது வயலாகவும் தோப்பாகவும் இருந்த காலத்தில் அந்நீரில் ஒரு பகுதியை மண் குடித்தது. இன்று மனை முழுவதும் கூரையும் சிமெண்டுத் தரையுமாக இருப்பதால் ஏறக்குறைய முழுவதும் தெருவுக்கு வருகிறது. ஒரு தெருவில் அத்தகைய மனைகள் நூறு இருந்தால், அந்தத் தெரு ஒரே நாளில் 14 லட்சம் லிட்டரை வெளியே அனுப்பியாக வேண்டும்.

அனுப்புவது எங்கே? இந்தக் கேள்விக்கு விடை தருவதுதான் நான் குறிப்பிட்ட அறிக்கை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், பெங்களூர் நகரப் பகுதியின் மழைநீர் மேலாண்மையைப் பற்றி நடத்திய செயல்திறன் தணிக்கையின் அறிக்கை அது. 2021 செப்டம்பரில், அதாவது நான் சொன்ன வெள்ளத்துக்குச் சரியாக ஓராண்டுக்கு முன்பு, கர்நாடகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. வெள்ளம் வந்த பிறகு காரணம் தேடி எழுதப்பட்டதன்று என்பதால் அதன் சொல்லுக்கு எடை அதிகம்.

அறிக்கையின் பல பக்கங்களில் நமக்கு முதன்மையானது ஒரு கண்டுபிடிப்பு. கோரமங்கலப் பள்ளத்தாக்கில் 1900களின் தொடக்கத்தில் 113.24 கிலோமீட்டர் நீளமிருந்த இயற்கை வடிகால்கள், 2016-17இல் 62.84 கிலோமீட்டராகக் குறைந்துவிட்டன. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கால்வாய் காணாமற் போயிற்று. கால்வாய் போன இடத்தில் நீரும் போய்விடவில்லை. வழி மட்டுமே போயிற்று. தெருவோரச் சிறு வடிகால்கள் பல இடங்களில் பெரிய கால்வாய்களோடு இணைக்கப்படாதிருப்பதையும், மழைநீர் செல்ல வேண்டிய வழியில் சாக்கடை நீர் ஓடுவதையும் அவ்வறிக்கை சுட்டிக்காட்டுகிறது. இந்த இரண்டாவது செய்தியைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு குடிநீரைப் பற்றிப் பேசும்போது அது மீண்டும் வரும்.

கோரமங்கலத்தில் கால்வாய் குறைந்தால் வைட்ஃபீல்டில் இருப்பவருக்கு என்ன என்று கேட்கலாம். பெங்களூர் ஒரு மேட்டின்மேல் அமைந்த ஊர். மேட்டின் மேற்குச் சரிவில் விழும் நீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. கிழக்குச் சரிவு நீர் தட்சிண பினாகினி எனப்படும் ஆற்றுக்குப் போகிறது. ஓசூரைத் தாண்டினால் அதுவே நம்முடைய தென்பெண்ணை. பழங்காலத்தில் இச்சரிவில் ஏரிகளைச் சங்கிலிபோல் கட்டியிருந்தனர். மேலேரி நிரம்பினால் உபரிநீர் கால்வாய் வழியே கீழேரிக்கு இறங்கும். கன்னடத்தில் அந்தக் கால்வாய்க்கு ராஜகாலுவே என்று பெயர். கோரமங்கலப் பள்ளத்தாக்கின் நீர் பெல்லந்தூர் ஏரிக்கும், பெல்லந்தூரின் நீர் வர்த்தூர் ஏரிக்கும் வருகிறது. வர்த்தூர் ஏரி வைட்ஃபீல்டுக்குத் தெற்கே, மிக அண்மையில் இருக்கிறது. வைட்ஃபீல்டிலிருந்து வர்த்தூருக்குப் போகும் சாலையில் 'வர்த்தூர் கோடி' என்றொரு நிறுத்தம் உண்டு. கோடி என்றால் ஏரியின் உபரிநீர் வழியும் இடம். நம் வடமாவட்டங்களிலும் ஏரி நிரம்பி வழிவதைக் 'கோடி போகிறது' என்றுதானே சொல்கிறோம். பேருந்து நிறுத்தத்தின் பெயரே நீரின் வழியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாம்தான் அதை வெறும் பெயராகக் கேட்கிறோம்.

இதிலிருந்து விளையும் உண்மை ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும். வைட்ஃபீல்டு போன்ற கீழ்ச்சரிவில் வெள்ளம், மழை பெய்யும் நேரத்தில் மட்டும் வருவதன்று. மேலேரி நிரம்பி, கோடி வழிந்து, கால்வாயில் இறங்கி வருவதற்கு நேரம் ஆகும். மழை நின்று, வானம் வெளுத்து, 'இனி அச்சமில்லை' என்று மக்கள் வெளியே வரும் வேளையில் தெருவில் நீர் ஏறலாம். 2022 செப்டம்பரில் அப்போதைய முதலமைச்சர் பசவராஜ் பொம்மை, மகாதேவபுரா மண்டலத்தில் 69 ஏரிகள் இருப்பதாகவும், அவற்றுள் ஏறக்குறைய எல்லாமே உடைந்தோ வழிந்தோ போய்விட்டதாகவும் கூறினார். வைட்ஃபீல்டு அந்த மண்டலத்தில்தான் அடங்கியிருந்தது. ஆகவே முதல் விதி இது: மழை நின்றதை வெள்ளம் நின்றதாகக் கொள்ளாதீர்கள். தெருவில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே, தாழ்வான இடத்துக்குப் போவதைப் பற்றி எண்ணலாம். சுவரில் ஒரு கரிக்கோடு போட்டு, அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். நீர் கோட்டுக்கு மேலா, கீழா என்பது வதந்தியைவிட நல்ல சாட்சி.

தம் வீடு நீரின் வழியில் இருக்கிறதா என்பதை அறிக்கையைப் படித்து அறிய முடியாது. அது தெருத் தெருவாகச் சொல்வதில்லை. ஆனால் அறிய வழிகள் உண்டு. கர்நாடக அரசின் திஷாங்க் என்னும் கைப்பேசிச் செயலி, நீங்கள் நிற்கும் இடத்தின் சர்வே எண்ணையும், கிராம வரைபடத்தில் அருகே ஏரியோ காலுவேயோ உள்ளதா என்பதையும் காட்டும். வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது சுற்றுச்சுவரின் அடிப்பகுதியையும் பாருங்கள். தரையிலிருந்து ஒரே உயரத்தில் சுவர் நெடுகிலும் பழுப்புக் கோடு ஒன்று ஓடினால், அது முன்னொரு முறை நீர் நின்ற உயரம். ஓரிடத்தில் மட்டும் இருந்தால் குழாய்க் கசிவாக இருக்கலாம். அப்பகுதியின் பழைய கிராமத்தாரைக் கேட்பது இவ்விரண்டினும் மேல்.

இனி எச்சரிக்கைச் சொற்களுக்கு வருவோம். இந்திய வானிலைத் துறை மழையின் அளவைக் குறிக்க மூன்று சொற்களைக் கையாளுகிறது. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. 204.5க்கு மேல் அதிகனமழை. பேச்சில் இம்மூன்றும் 'பெரிய மழை' என்று ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் 2022இல் பெய்தது இரண்டாம் வகை என்பதை எண்ணிப் பார்த்தால் மூன்றாம் வகை வரும்போது என்ன ஆகும் என்பது விளங்கும். பெங்களூர் நகரத்தில் செப்டம்பர் மாதத்து ஒருநாள் மழையின் உச்சம் 1988 செப்டம்பர் 12இல் பதிவான 177.6 மில்லிமீட்டர்.

மழையின் அளவு வேறு, எச்சரிக்கையின் நிறம் வேறு. பச்சை, எச்சரிக்கை இல்லை. மஞ்சள், கவனித்திருங்கள், அடுத்தடுத்த அறிவிப்புகளைக் கேட்டுக்கொண்டிருங்கள். ஆரஞ்சு, ஆயத்தமாக இருங்கள். சிவப்பு, நடவடிக்கை எடுங்கள். இவை செயலைக் குறிக்கும் கட்டளைகள்; அச்சத்தின் அளவைக் காட்டும் அடைமொழிகள் அல்ல. ஆரஞ்சு எச்சரிக்கையைப் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லும்போது 'ஊரைவிட்டுப் போகச் சொல்கிறார்கள்' என்று சொன்னால் அது பிழை. 'ஒன்றுமில்லை, மழை வருமாம்' என்றாலும் பிழை. 'ஆயத்தமாக இருக்கச் சொல்கிறார்கள்' என்பதே சரியான தமிழ்.

இங்கு ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். நான் சொன்ன மழை அளவுகள் 24 மணி நேரத்துக்கு உரியவை. 60 மில்லிமீட்டர் மழை நாள் முழுவதும் தூறினால் ஒன்றுமில்லை. ஒரே மணி நேரத்தில் கொட்டினால் சுரங்கப்பாதை நிரம்பிவிடும். கணக்கில் அது கனமழையாகக்கூட வராது. 2023 மே 21இல் பெங்களூரில் சிறிது நேரமே கொட்டிய மழையில், கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் வாடகைக் காரொன்று சிக்கி, அதிலிருந்த 22 வயதுப் பெண் உயிரிழந்தார். ஆகவே நிறம் பச்சையாக இருப்பினும், நீர் தேங்கிய சுரங்கப்பாதையில் எந்த வண்டியிலும் இறங்கலாகாது.

அடுத்து, செய்ய வேண்டியவை. இவற்றுள் மின்சாரத்தைப் பற்றியே விரிவாகச் சொல்லப் போகிறேன். ஏனெனில் இங்கேதான் நிபந்தனை அடிக்கடி உதிர்ந்துபோகிறது. 'வெள்ளம் வந்தால் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடு' என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இது பாதி உண்மை. முழு வாக்கியம் இது: நீர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பு, நிற்கும் தரையும் கைகளும் உலர்ந்திருக்கும்போது மட்டும், மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். நீர் உள்ளே வந்துவிட்ட பிறகு, மீட்டர் பலகையை அடைய நீரில் நடக்க வேண்டியிருந்தால், போகவே கூடாது. உலர்ந்த உயரமான இடத்துக்கு விலகி, பெஸ்காம் மின் நிறுவனத்தின் 1912 என்ற எண்ணுக்குத் தெரிவித்துப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். முதல் பாதியை மட்டும் கேட்டவர் முழங்கால் நீரில் நடந்து சுவிட்சைத் தொடப் போவார். அறிவுரையே அவரை ஆபத்தில் தள்ளிவிடும்.

இதில் இன்னொன்றும் உண்டு. பெங்களூரில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயின் ஸ்விட்சை அணைத்த மறுகணமே இன்வெர்ட்டர் தானாக வேலை செய்யத் தொடங்கி, வீட்டுக் கம்பிகளுக்கு மின்சாரம் தந்துகொண்டிருக்கும். விளக்கு எரிகிறதே, மின்சாரம் போகவில்லையே என்று ஐயுறுவோர் உண்டு. ஐயம் கொள்ளாமல் தரை மட்டத்துப் பிளக்கைத் தொடுவோரும் உண்டு. ஆகவே மெயினை அணைத்த பின் இன்வெர்ட்டரையும் தனியே அணைக்க வேண்டும், அதே உலர்ந்த நிலையில். அதன் மின்கலம் பெரும்பாலும் தரையிலேயே வைக்கப்பட்டிருக்கும். மழைக்காலத்துக்கு முன்பே அதை உயரமான பலகையில் ஏற்றி வைத்தல் நலம். வெள்ளம் வடிந்த பிறகு, மின் பணியாளர் ஒருவர் கம்பிகளையும் பிளக்குகளையும் சோதித்த பின்னரே மீண்டும் மின்சாரம் போட வேண்டும். சுவருக்குள் ஈரம் இருப்பது வெளியே தெரியாது.

தெருவில் உள்ள மின்சாரம் இதனினும் கொடியது. 2022 செப்டம்பர் 5ஆம் நாள் இரவு, வைட்ஃபீல்டை அடுத்த சித்தாபுராவில் 23 வயதுப் பெண் ஒருவர் பணி முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நீர் தேங்கிய சாலையில் வண்டி சறுக்கிற்று. விழாமலிருக்க அவர் பக்கத்திலிருந்த மின்கம்பத்தைப் பற்றினார். மின்சாரம் பாய்ந்து உயிர் பிரிந்தது. தடுமாறுகிறவன் கைக்கு எட்டியதைப் பற்றுவது இயல்பு. அதனால்தான், நீர் நின்ற தெருவில் கம்பங்களும், தெருவோர மின்பெட்டிகளும், விளம்பரப் பலகைகளின் இரும்புக் கால்களும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதவாறு விலகியே நடக்க வேண்டும். இருசக்கர வண்டியாயின் இறங்கித் தள்ளிச் செல்லாமல் திரும்பிவிட வேண்டும். அறுந்து விழுந்த கம்பியைக் கண்டால் 10 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் நில்லுங்கள். ஒருவர் மின்சாரம் தாக்கி நீரில் விழுந்து கிடந்தால், மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும் வரை அவரைத் தொடக்கூடாது. 112க்கும் 1912க்கும் உடனே சொல்லுங்கள். நெஞ்சு பொறுக்காத காட்சிதான். ஆனால் ஓடிச் சென்று தொட்டவரும் அங்கேயே விழுவார்.

நீரில் நடப்பதைப் பற்றிய அளவுகளை நினைவில் வைப்பது எளிது. ஓடும் நீர் 15 சென்டிமீட்டர், அதாவது அரையடி இருந்தாலே வளர்ந்தவரின் காலை வாரிவிடக்கூடும். ஓரடி நீர் சிறிய காரை இழுத்துச் செல்லவல்லது. இரண்டடி பெரும்பாலான வண்டிகளை. 'ஓடும்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தேங்கிய நீருக்கு இந்த அளவுகள் பொருந்தா. அதனால் தேங்கிய நீர் பாதுகாப்பானது என்றும் கொள்ள வேண்டாம். அதன் அடியில் மூடி பெயர்ந்த சாக்கடைக் குழி இருக்கலாம். நடந்தே தீர வேண்டுமாயின், நீர் தேங்கியிருக்கையில் மட்டும், நீண்ட கோலால் முன்னே தரையைத் தட்டிப் பார்த்துத்தான் அடியெடுத்து வைக்க வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் 'நாங்கள் ஐந்தாம் மாடியில் இருக்கிறோம்' என்று நிம்மதியாக இருக்கின்றனர். அவர்களுக்கு ஆபத்து கீழ்த்தளத்து வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருக்கிறது. பெங்களூர் வெள்ளத்தில் தத்தளித்த அதே வாரம், 2022 செப்டம்பர் 6ஆம் நாள் காலை, தென்கொரியாவின் போஹாங் நகரில் புயல்மழையால் ஓர் ஓடை கரைபுரண்டது. ஒரு குடியிருப்பில், கீழ்த்தளத்தில் உள்ள வண்டிகளை அப்புறப்படுத்துமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் இறங்கினர். சில நிமிடங்களில் கீழ்த்தளம் முழுவதும் நீரால் நிரம்பிற்று. உள்ளே சிக்கிய ஒன்பது பேரில் இருவரே உயிருடன் மீட்கப்பட்டனர். வண்டியை எடுங்கள் என்ற அறிவிப்பு முந்தின நாள் மாலை செய்யப்பட்டிருந்தால் அது நல்ல அறிவுரை. அந்தக் காலை வேளையில் அதே சொற்கள் மரண அழைப்பாயின. அறிவிப்பில் இல்லாதது காலம் என்னும் நிபந்தனை.

நம் குடியிருப்புச் சங்கங்கள் இதை இவ்வாறு எழுதி ஒட்டலாம்: 'ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்தவுடன், மழை தொடங்குமுன், வண்டிகளை மேலே கொண்டுவருக. சாய்தளத்தில் நீர் இறங்கத் தொடங்கியபின் எக்காரணத்துக்காகவும் ஒருவரும் கீழே போகலாகாது.' காவலரையோ ஓட்டுநரையோ அனுப்புவதும் கூடாது. வண்டிக்கு உரியவரின் உயிர் வேறு, ஊழியரின் உயிர் வேறு அன்று. கீழ்த்தளத்தில் தங்கும் காவலர் குடும்பம் இருந்தால் முதல் வேலையாக அவர்களை மேலே அழைத்துவிட வேண்டும். மின்தூக்கியை மேல்மாடிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அணைத்துவிட வேண்டும். பிறகு படிக்கட்டே வழி. கதவைத் திறந்து தப்பிவிடலாம் என்று எண்ணுவோருக்கு ஒரு கணக்கு: மூன்றடி அகலக் கதவின் ஒருபுறம் ஓரடி நீர் நின்றால், அது கதவை அழுத்தும் விசை ஏறத்தாழ 40 கிலோ எடைக்குச் சமம். இரண்டடி நின்றால் இருமடங்கு அன்று, நான்கு மடங்கு, அதாவது 160 கிலோ. கதவு வெளிப்புறம் திறப்பதாயின் ஓர் ஆள் தள்ளித் திறக்க இயலாது.

தரைத்தள வீடுகளில் இருப்போருக்கு இன்னும் சில. சிவப்பு எச்சரிக்கையின்போது சமையல் எரிவாயு உருளையின் ரெகுலேட்டரை மூடுங்கள். உருளையை நிமிர்ந்த நிலையில் கட்டி வையுங்கள், ஏனெனில் அது மிதந்து இணைப்பை முறித்துக்கொள்ளும். கழிப்பறைக் குழியிலும் குளியலறை நீர்ப்போக்கிகளிலும் மணல் மூட்டையை வையுங்கள். வெளியே சாக்கடை நிரம்பினால் கழிவுநீர் வீட்டுக்குள் முதலில் மேலேறி வரும் வழி அதுதான். ஆதார், வங்கிப் புத்தகம், வாடகை ஒப்பந்தம், மருந்து இவற்றைப் பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கையெட்டும் உயரத்தில் வைத்திருங்கள். மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி ஒன்றும் இருக்கட்டும். இதை நான் சொந்த நலத்துக்காகச் சொல்லவில்லை, கைப்பேசியின் மின்னேற்றம் ஒரு நாளைக்கு மேல் நிற்பதில்லை.

வெள்ளம் வடிந்த பின் வரும் ஆபத்து குடிநீர். 2022இல் மண்டியா மாவட்டத்தின் தொரேகாடனஹள்ளியில் காவிரி நீரை இறைக்கும் நிலையத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்து, பெங்களூருக்குக் குடிநீர் தடைப்பட்டது. தெருவெல்லாம் நீர், குழாயில் நீர் இல்லை. அந்நிலையில் மக்கள் நாடுவது 'சம்ப்' என்று வழங்கும் நிலத்தடித் தொட்டியை. மழைநீர்க் கால்வாயில் சாக்கடை ஓடுகிறது என்று அறிக்கை சொன்னதை இங்கே நினைவுகூருங்கள். தொட்டியின் வாயைத் தொட்ட வெள்ளம் வெறும் மழைநீர் அன்று. வெள்ளம் உள்ளே புகுந்த தொட்டி நீரில் மருந்து போட்டுக் குடிக்கலாம் என்பது தவறு. முழுவதையும் இறைத்து வெளியேற்றிச் சேற்றை அகற்றிச் சுவர்களைத் தேய்த்துக் கழுவிய பிறகு, நல்ல நீரை நிரப்ப வேண்டும். தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்கு முன் மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விடுவதும், வெளியே ஒருவர் நின்றுகொண்டே இருப்பதும் கட்டாயம். அடைபட்ட தொட்டியில் மூச்சுத் திணறி இறந்தவர்கள் பலர்.

புதிதாக நிரப்பிய தெளிந்த நீருக்கு, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் நல்ல பிளீச்சிங் பவுடர் வேண்டும். 6,000 லிட்டர் தொட்டிக்கு 15 கிராம். அதை அப்படியே தூவக்கூடாது. ஒரு வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்திருந்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரத்துக்குப் பின் பயன்படுத்த வேண்டும். கலங்கிய நீரில் இந்த அளவு பயன்படாது. மண்ணும் அழுக்குமே மருந்தைத் தின்றுவிடும். பழைய பொட்டலமாயின் வீரியம் குறைந்திருக்கும். மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாத பவுடரை நம்ப வேண்டாம்.

குடிப்பதற்கு எடுக்கும் நீரைத் தனியே காய்ச்சுங்கள். குமிழிகள் ஓரத்தில் எழுவது போதாது. பாத்திரம் முழுவதும் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். பெங்களூரின் உயரத்துக்கு ஒரு நிமிடம் போதும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால், சிம்லாவிலோ உதகையிலோ இருப்பவர்கள் மூன்று நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். காய்ச்சுதல் கிருமிகளைக் கொல்லுமேயன்றி, எண்ணெயையும் இரசாயனக் கழிவையும் போக்காது. ஆகவே நீரின்மேல் எண்ணெய்ப் படலமோ இரசாயன நெடியோ இருந்தால், அதைக் காய்ச்சியும் குடிக்கக்கூடாது.

வெள்ள நீரில் நடந்தவர்கள் கால்களைச் சோப்பிட்டுக் கழுவி, கீறல் இருந்தால் மருந்திட வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீர் காலின் வெடிப்பு வழியே நுழைந்து எலிக்காய்ச்சலைத் தரும். அது இரண்டு நாளிலும் தோன்றலாம், ஒரு மாதம் கழித்தும் தோன்றலாம். வெள்ளத்தை நாமே மறந்துவிட்ட பிறகு வரும் காய்ச்சல் அது. எனவே வெள்ளத்துக்குப் பின் 30 நாளுக்குள் காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவத்தலும் கண்டால், மருத்துவரிடம் சென்று, காய்ச்சல் என்று மட்டும் சொல்லாமல், 'இன்ன நாளில் வெள்ள நீரில் நடந்தேன்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.